பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் எடுத்து விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் சின்னதாக ஒரு காயலாங்கடை வைத்திருக்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். கீழே வரும் ரேட்டுகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் இன்றைய ரேட் வேறாகத்தான் இருக்கும்.

ஒரு மீன்பாடி வண்டி இருக்கிறது. கையில் பத்தாயிரம் ரூபாய். இதை வைத்து ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், ஆனால் அந்தப் பணத்தில் சரக்கு வாங்கி அடுக்கிவைக்கும் ஆசை கூடாது. ஒரு அபார்ட்மெண்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று வந்தாலே நாலாயிரம், ஐயாயிரம் கையைவிட்டுப் போய்விடும். வீட்டுக்காரர்களுக்கு அப்போதே காசு கொடுக்க வேண்டும். கடைக்காரர்களும் கடன் சொன்னால் அடுத்த வாரம் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் முதல் மூன்று மாதம் எடுத்த சரக்கை இரண்டு மூன்று நாளில் மொத்தமாக வாங்கும் குடோனில் போட்டுப் பணமாக்கிவிடுங்கள். பணம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதுதான் அப்போது உங்கள் வருமானம்.

ரேட்டை எப்படி முடிவு செய்வது? ஆளுக்கு ஒரு ரேட் சொல்கிறார்களே.

விற்கும் இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். சரக்கு எடுக்கப் போகும் முன் குறைந்தது இரண்டு குடோனுக்கு போன் போட்டு "இன்றைக்கு நியூஸ் பேப்பர் என்ன, அட்டை என்ன, தகரம் என்ன, கட்டி இரும்பு என்ன" என்று தனித்தனியாகக் கேளுங்கள். "பேப்பர் என்ன" என்று பொதுவாகக் கேட்டால் அவர்களுக்கு வசதியான ரகத்தின் ரேட்டைச் சொல்வார்கள். எடையில் கழிவு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். கிலோவுக்கு 50 பைசா கூடக் கொடுக்கும் குடோன் மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தால் அது கூடுதல் ரேட்டே இல்லை.

அந்த ரேட்டிலிருந்து வண்டிச் செலவு, ஆள் கூலி, கழிவு, உங்கள் லாபம் எல்லாவற்றையும் கழித்தால் வாங்கும் ரேட் வந்துவிடும். நியூஸ் பேப்பருக்கு நான் கிலோவுக்கு மூன்று ரூபாய் இடைவெளி வைக்கிறேன். அதற்குக் கீழே இறங்கினால் வண்டி ஓட்டியதுதான் மிச்சம்.

செம்பும் அலுமினியமும் லண்டன் உலோகச் சந்தையின் விலையைப் பார்த்து நகர்கின்றன, அதனால் குடோன்காரர் காலையில் சொன்ன ரேட்டை மாலையில் மாற்றினாலும் ஏமாற்றுகிறார் என்று உடனே நினைக்க வேண்டாம். இரும்பு உருக்காலைகளின் தேவையைப் பொறுத்தது. பேப்பரும் அட்டையும் மில்களிடம் இருப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தவை. தீபாவளி சமயத்தில் ஜவுளிக்கடை, பட்டாசுக்கடை, ஸ்வீட் கடை என்று எல்லா இடத்திலிருந்தும் அட்டைப்பெட்டி கொட்டும். எல்லோரிடமும் சரக்கு இருக்கும்போது ரேட் தானாகச் சரியும்.

ஒரு அபார்ட்மெண்டில் ஒரு நாள் எடுத்தால் உண்மையில் என்ன மிஞ்சும்?

நாற்பது வீடுகள் சரக்கு கொடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். மொத்தம் 321 கிலோ. அதில் 140 கிலோ நியூஸ் பேப்பர், 60 கிலோ அட்டை, 45 கிலோ நோட்டு புத்தகம், 38 கிலோ இரும்பு, 30 கிலோ பிளாஸ்டிக், 6 கிலோ அலுமினியம். கூடவே ஒரு வீட்டில் குளியலறையைப் புதுப்பித்ததில் 2 கிலோ பழைய பித்தளைக் குழாய்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்தது 4,941 ரூபாய். விற்று வந்தது 6,014. குடோனில் பேப்பருக்கு 5 கிலோ கழித்தார்கள், அதில் 75 ரூபாய் போனது. பெட்ரோல் 150, உதவிக்கு வந்த பையனுக்கு அரை நாள் கூலி 400. கடைசியில் என் கையில் 448 ரூபாய்.

இதில் பார்க்க வேண்டியது இரண்டு இடம். பிளாஸ்டிக்கை எல்லாம் கலந்து கிலோ 8 ரூபாய் என்று 240-க்கு எடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தபோது 11 கிலோ பக்கெட், மக்கு, நாற்காலி. அது கிலோ 22 போனது. 9 கிலோ தண்ணீர் பாட்டில் 18 போனது. 6 கிலோ மட்ட ரகம் 6 ரூபாய். மீதி 4 கிலோவுக்கு ஆளே இல்லை. ஆனாலும் 440 வந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பிரித்ததற்கு 200 ரூபாய்.

பித்தளையில் நேர் எதிர். கிலோ 350 என்று 700 கொடுத்து எடுத்தேன். குடோனில் உடைத்துப் பார்த்தால் உள்ளே இரும்பு ஸ்பிண்டில், ரப்பர், மேலே துத்தநாகக் கைப்பிடி. சுத்தப் பித்தளை 1.4 கிலோதான் தேறியது. மற்றதையும் சேர்த்து 596 ரூபாய். 104 ரூபாய் நஷ்டம். 140 கிலோ பேப்பரில் வந்த 420 ரூபாய் லாபத்தில் கால் பங்கை இரண்டு கிலோ குழாய் சாப்பிட்டுவிட்டது. இப்போதெல்லாம் குழாய் வந்தால் முழுப் பித்தளை ரேட் பேசுவதில்லை. "உடைத்துப் பார்த்துத்தான் சார் சொல்ல முடியும்" என்று சொல்லி அங்கேயே சுத்தியலால் உடைத்துக் காட்டிவிடுகிறேன்.

"எங்க வீட்டுப் பேப்பர் அஞ்சு கிலோவாவது இருக்கும், நீ மூணு கிலோ காட்டுறியே" என்று சண்டை போடுகிறார்கள். என்ன செய்வது?

பேப்பரின் எடையை மனக்கணக்காகவே சொல்ல முடியும். நாலு பக்கம் கொண்ட ஒரு முழுத்தாள் ஏறக்குறைய 17 கிராம். 16 பக்கப் பேப்பர் 70 கிராம். முப்பது நாளுக்கு இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இணைப்பிதழ்கள் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். "எத்தனை மாசப் பேப்பர்ம்மா?" என்று முதலில் கேட்டுவிட்டு இந்தக் கணக்கைச் சொன்னால் பெரும்பாலும் சண்டை அடங்கிவிடும்.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் உதவும். ஒரு மாதக் கட்டு என்று கொடுத்தது நாலு கிலோ காட்டினால், கட்டைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் ஈரம் இருக்கலாம், அல்லது பழைய டைல்ஸ் ஒன்று இருக்கலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

எந்தத் தராசு வாங்குவது? ஆன்லைனில் 300 ரூபாய்க்குக் கொக்கித் தராசு கிடைக்கிறதே?

அது பெட்டி படுக்கை எடை பார்க்கத்தான் சரி. வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும். முத்திரை இல்லாமல் பிடிபட்டால் அபராதம். 100 கிலோ வரை போடக்கூடிய, பேட்டரியில் ஓடும் மேடைத் தராசு ஒன்று வாங்குங்கள். முத்திரைச் சான்றிதழின் நகலை வண்டியிலேயே வையுங்கள். அபார்ட்மெண்ட் செயலாளர் கேட்கும்போது எடுத்துக் காட்டினால் பேச்சே மாறும்.

தராசு நல்லதாக இருந்தும் எடை தப்பும். தரை சாய்ந்திருந்தால் தப்பும். நீளமான கம்பியின் ஒரு முனை தரையைத் தொட்டால் எடை குறையும். மூட்டை சுவரில் சாய்ந்தாலும் அப்படித்தான். சாக்கை வைத்து 'டேர்' அழுத்திப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, அடுத்த வீட்டில் சாக்கு இல்லாமல் எடை போட்டால் அந்தச் சாக்கின் எடை உங்களுக்கு லாபம், அவர்களுக்கு நஷ்டம். தெரியாமல் செய்தாலும் பார்க்கிறவர்களுக்குத் திருட்டாகத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் வெறும் மேடையில் பூஜ்யம் காட்டிவிட்டு ஆரம்பிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

யாராவது தராசைச் சந்தேகப்பட்டால் நான் செய்வது ஒன்று உண்டு. சீல் உடைக்காத கேஸ் சிலிண்டர் வீட்டில் இருக்கிறதா என்று கேட்பேன். சிலிண்டரின் கழுத்து வளையத்தில் காலி எடை எழுதியிருக்கும். 15.3 என்று இருந்தால், அதோடு வாயுவின் 14.2 கிலோவைக் கூட்ட வேண்டும். 29.5 வர வேண்டும். தராசில் தூக்கி வைத்து அவர்களையே படிக்கச் சொல்வேன். நூறு, இருநூறு கிராம் முன்னே பின்னே இருக்கலாம். ஒரு கிலோ வித்தியாசம் வந்தால் சிலிண்டரிலோ தராசிலோ கோளாறு. இரண்டில் எது என்று கண்டுபிடிக்காமல் அங்கிருந்து கிளம்பக் கூடாது.

குடோனில் நம் எடையும் அவர்கள் எடையும் ஒத்துப்போவதில்லையே?

முதலில் எதில் எடை போடுகிறார்கள் என்று பாருங்கள். லாரி ஏறும் எடைமேடையில் சாதாரணமாக 5 அல்லது 10 கிலோ படியாகத்தான் எண் மாறும். இரண்டு டன் அட்டைக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் 60 கிலோ செம்பை வண்டியோடு அதில் ஏற்றினால் ஒரு படி வித்தியாசத்தில் ஆயிரக்கணக்கில் போய்விடும். செம்பு, பித்தளை, அலுமினியம் எப்போதும் சின்னத் தராசில், உங்கள் கண் முன்னால்.

ஆரம்பத்தில் நான் ஒரு குடோனில் ஆறு மாதம் போட்டேன். ஒவ்வொரு லோடுக்கும் மூன்று நான்கு கிலோ குறையும். என் தராசைத்தான் சந்தேகப்பட்டேன். ஒருநாள் அவர்கள் தராசில் 50 கிலோ இரும்பை மேடையின் நடுவில் வைத்தும் ஓரத்தில் வைத்தும் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தது. அவர்கள் ஆள் எப்போதும் ஓரத்தில்தான் வைப்பான் என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள். குடோனை மாற்றிக்கொண்டேன்.

இரும்பா, எவர்சில்வரா, செம்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு காந்தமும் ஒரு அரமும் போதும். பழைய ஸ்பீக்கரை உடைத்தால் நல்ல காந்தம் கிடைக்கும். காந்தம் ஒட்டினால் இரும்பு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சில எவர்சில்வர் ரகங்களிலும் ஒட்டும். அவை மட்ட ரேட்டில் போகும். ஒட்டாத எவர்சில்வர் எல்லாம் ஒரே தரம் என்றும் இல்லை, அதைக் குடோன்காரர் கருவியில் பார்த்துத்தான் சொல்வார்.

மஞ்சளாக இருப்பதெல்லாம் பித்தளை இல்லை. இரும்பின் மேல் மெல்லிய பூச்சு இருக்கும். காந்தம் அதைக் காட்டிக்கொடுக்கும். துத்தநாக வார்ப்பில் காந்தம் ஒட்டாது. அங்கே அரம் போட்டுப் பாருங்கள், உள்ளே சாம்பல் நிறம் தெரியும்.

ஒயரில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். வெட்டிய முனை சிவப்பாக இருக்கும், சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். மோட்டார் சுற்றுக் கம்பியிலும் இது உண்டு. செம்பு ஒயரின் உறையைக் கொளுத்தாமல் கத்தியால் உரியுங்கள். பிவிசி புகை நுரையீரலுக்கு விஷம், அக்கம்பக்கத்தில் புகார் போனால் கடை நடத்த முடியாது. எரித்துக் கறுத்த செம்பு உரித்த செம்பைவிட ரேட்டும் குறைவு.

ஒரு சொல் குழப்பம்: வீடுகளில் "ஈயப் பாத்திரம்" என்று கொடுப்பது பெரும்பாலும் அலுமினியம். உண்மையான ஈயம் பழைய ரசச் சொம்பிலும் பேட்டரியிலும்தான் வரும். அதிலும் ரசச் சொம்பு வெள்ளீயம், விலை அதிகம். போனில் பேசும்போது எது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிளாஸ்டிக்கைப் பிரிக்க எளிய வழி?

அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் அதைப் பாருங்கள். 1 என்றால் தண்ணீர், ஜூஸ் பாட்டில் ரகம். 2 ஷாம்பு, எண்ணெய் கேன். 5 பக்கெட், டப்பா. 3 பிவிசி. எண் அழிந்திருந்தால் சின்னத் துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். 2-ம் 5-ம் மிதக்கும். பிவிசி மூழ்கிவிடும். பிவிசியை மற்றதோடு கலந்துவிட்டால் உருக்கும்போது மொத்தச் சரக்கும் கெடும் என்பதால் குடோனில் ஒரு துண்டு கிடைத்தாலும் முழு மூட்டைக்கும் ரேட்டைக் குறைப்பார்கள்.

பால் கவர் கழுவிக் காயவைத்தது என்றால் எடுங்கள். கழுவாதது இரண்டு நாளில் நாறும், எறும்பும் எலியும் வரும்.

கடைகளில் அட்டையைக் குத்துமதிப்பாக "மொத்தமா இவ்வளவு கொடு" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

மளிகைக் கடை, மெடிக்கல் ஷாப் என்றால் முதல் நான்கு வாரம் எடை போட்டே எடுங்கள். எந்தக் கடையில் வாரம் எவ்வளவு வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். அப்புறம் குத்துமதிப்பு பேசலாம், ஏனென்றால் அது இனிமேல் உங்களுக்குக் குத்துமதிப்பு இல்லை.

இன்னொன்று. பல கடைகளில் அட்டையை விற்ற காசு வேலை செய்யும் பையன்களுக்குப் போகும். அபார்ட்மெண்டில் துப்புரவு வேலை செய்யும் அக்காக்களுக்கும் அப்படித்தான். முதலாளியிடமோ சங்கத்திடமோ நேராகப் போய் ஒப்பந்தம் பேசி அந்தக் காசை நீங்கள் வாங்கிக்கொண்டால், அடுத்த மாதம் அட்டை எல்லாம் நனைந்துதான் வரும். அவர்களிடமே வாங்குங்கள், அவர்கள் கையிலேயே காசு கொடுங்கள்.

சரக்கு வைக்க எவ்வளவு இடம் வேண்டும்?

எந்தச் சரக்கு என்பதைப் பொறுத்தது. மூன்றடிக்கு மூன்றடி தரையில் ஐந்தடி உயரத்துக்கு நியூஸ் பேப்பரை இறுக்கி அடுக்கினால் அரை டன் நிற்கும். அதே இடத்தில் நசுக்காத தண்ணீர் பாட்டில் 30 கிலோ கூட நிற்காது. ஒரே வாடகைதான் இரண்டுக்கும். அதனால் பாட்டிலை மூடி கழற்றி, மிதித்து நசுக்கி மூட்டை கட்ட வேண்டும், அல்லது வாரம் ஒருமுறை போட்டுவிட வேண்டும். மூடி வேறு ரக பிளாஸ்டிக், தனியாகச் சேர்த்தால் தனி ரேட். அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்துப் படுக்கவைக்காமல் பெட்டியாகவே வைத்தால் காற்றுக்குத்தான் வாடகை கொடுக்கிறீர்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் ஒரு வண்டிக்காரருக்குப் போதும். பேப்பர் தரையில் படக் கூடாது. நாலு அங்குலமாவது உயரமான மரப்பலகை மேல் அடுக்குங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. சுவர் ஓதமும் கரையானும் அந்த வழியாகத்தான் வரும். கரண்ட் ஒயரும் சுவிட்ச் பெட்டியும் பேப்பர் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். டயர், வாளி, பெயிண்ட் டப்பாவை வானம் பார்க்க வைத்தால் மழைக்குப் பிறகு கொசுப்புழு வரும். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தால் அபராதம் நிச்சயம். உள்ளாட்சியின் தொழில் உரிமம் எடுத்தபின் இடத்துக்கு முன்பணம் கொடுங்கள் என்று சொல்லலாம், ஆனால் உரிமம் கேட்கவே வாடகை ஒப்பந்தம் வேண்டும். அதனால் இந்த இடத்தில் காயலாங்கடைக்கு உரிமம் தருவார்களா என்று அலுவலகத்தில் முதலில் வாய்மொழியாகவாவது விசாரித்துவிடுங்கள்.

ரேட் ஏறும் வரை வைத்திருந்து விற்றால் நல்ல லாபமா?

செம்பு, பித்தளைக்கு ஆகலாம். இடம் அடைக்காது, கெடாது. திருட்டுப் பயம் மட்டும்தான். இரும்பு துருப்பிடித்தாலும் எடை பெரிதாகக் குறையாது.

பேப்பரில் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை மழையில் அட்டை காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். நனைந்தால் எடை கூடும் என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. மில்லில் ஈரமானியைக் குத்திப் பார்த்துக் கூடுதல் ஈரத்தைக் கழிப்பார்கள், குடோன்காரர் அதை உங்கள் தலையில் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கழிப்பார். காய்ந்த அட்டையை மடித்தால் சத்தம் வரும். ஈர அட்டை சத்தமில்லாமல் மடங்கும். கட்டின் நடுவில் கையை விட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

எதையெல்லாம் வாங்கவே கூடாது?

கேஸ் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. காலியாக இருந்தாலும் தொடாதீர்கள். பாதாளச் சாக்கடை மூடி, மின்வாரியக் கம்பி, ரயில்வே பொருள் எதுவாக இருந்தாலும் வேண்டாம். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைத் தண்டிக்கவென்றே 1966-இல் போட்ட தனிச் சட்டம் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் குற்றம். புதிதாக வெட்டிய செம்புக் கம்பியை ஒரு பையன் இரவு பத்து மணிக்குக் கொண்டுவந்தால் வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். தெரியாத ஆளிடம் உலோகம் வாங்கினால் அடையாள அட்டை நகல், போன் எண், தேதி, எடை எல்லாம் நோட்டில் ஏற வேண்டும்.

கம்ப்யூட்டர், டிவி உடைத்து எடுப்பதற்குப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களுக்குத்தான் அனுமதி. வாசனை ஸ்ப்ரே டப்பாவை நசுக்கினால் வெடிக்கும்.

ஜிஎஸ்டி எங்களுக்கும் உண்டா?

வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கிறவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் உலோகப் பழசு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரி அதற்கான வரியைத் தானே கட்ட வேண்டும். அதனால் சில குடோன்கள் நம்மைப் போன்றவர்களுக்கு இரும்பு ரேட்டைக் கொஞ்சம் குறைத்துப் பேசுகின்றன. கட்டிய வரியை அவர்கள் பின்னால் தங்கள் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் தெரிந்துவைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பழைய புத்தகத்துக்குள் பணமோ பத்திரமோ இருந்தால்?

போகிக்கும் ஆயுத பூஜைக்கும் முன்னால் வீடு ஒழிக்கிறவர்களிடம் வாங்கும் சரக்கில் இது அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு வீட்டு மூட்டையிலும் மார்க்கரால் பிளாட் எண் எழுதிவைக்கிறேன். ஒரு தடவை மின்சார பில் பைலுக்குள் ஒரிஜினல் கிரயப் பத்திரம் இருந்தது. எண் எழுதியிருந்ததால் அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது. காணாமல் போனதே அவர்களுக்கு அதுவரை தெரியாது.